ஆயிரம் ரூபாயா, ஒரு வருஷமா?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் நாலு தமிழ்க் குடும்பங்கள். சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் முடிந்து, ஆண்கள் எல்லாரும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். தில்லியில் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் டிராஃபிக்கில் வந்து நிற்கும். நொய்டா போகிற வழியில் யாரோ ஒருத்தன் காரிலிருந்து இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி மிரட்டியதை நண்பர் சொல்லிக்கொண்டிருந்தார். முடிக்கும்போது, "என்ன சார் பண்ணுவாங்க? சித்துவுக்கு என்ன பண்ணாங்க? ஒரு ஆள் செத்துப்போனார், ஆயிரம் ரூபா ஃபைன் கட்டிட்டுப் போய்ட்டார்" என்றார்.

அது பாதிக் கதைதான் என்றேன். சித்து பிறகு ஜெயிலுக்குப் போனது பால்கனியில் இருந்த மூன்று பேருக்குத் தெரியவே இல்லை. தெரிந்த ஒரே ஆளான பக்கத்து ஃப்ளாட் பெரியவர் (மத்திய அரசில் இருந்து ரிட்டையர் ஆனவர்) வேறு மாதிரி கோபப்பட்டார். "முப்பத்து நாலு வருஷம் கழிச்சு ஒரு மனுஷனை உள்ள போட்டு யாருக்கு என்னப்பா லாபம்?"

இரண்டு பேர் கேட்டதுக்கும் பால்கனியில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. இப்போது நான் கம்பெனி ஒன்றில் சட்டப் பிரிவில் குப்பை கொட்டினாலும், அதற்கு முன் சில வருடங்கள் கிரிமினல் கோர்ட் வாசலில் நின்றவன். தண்டனை விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து இருந்தது. இந்த வழக்கைப் படித்தபின் அது மாறிவிட்டது.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 1988 டிசம்பர் 27, பஞ்சாபில் பாட்டியாலா. நடுரோட்டில் ஒரு ஜிப்ஸி நிற்கிறது. அதில் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவும் அவர் நண்பரும். பின்னால் ஒரு மாருதி காரில் 65 வயதுப் பெரியவர் ஒருவர், கூட இரண்டு பேருடன், கல்யாணச் செலவுக்குப் பணம் எடுக்க பேங்குக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வண்டியை எடுக்கச் சொல்கிறார். வாய்த்தகராறு, பிறகு கைகலப்பு. பெரியவருக்குத் தலையில் குத்து விழுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், உயிர் இல்லை.

1999-ல் செஷன்ஸ் கோர்ட் விடுதலை செய்தது. 2006-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அதை மாற்றி, கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றம் என்று மூன்று வருடம் கொடுத்தது. மேல்முறையீடு. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதையும் மாற்றியது. அந்தக் குத்தினால்தான் மரணம் வந்தது என்று சந்தேகம் இல்லாமல் சொல்ல மருத்துவச் சாட்சியம் போதவில்லை, ஆகவே வெறும் காயம் விளைவித்த குற்றம்தான், அதாவது இ.பி.கோ. 323 என்றது. தண்டனை: ஆயிரம் ரூபாய் அபராதம். இறந்தவர் குடும்பம் மறுசீராய்வு மனு போட்டது. 2022 மே 19-ல் அதே உச்ச நீதிமன்றம், அதே 323-ன் கீழ், ஒரு வருடக் கடுங்காவல் என்று மாற்றியது.

கவனியுங்கள். இரண்டு தீர்ப்புக்கும் நடுவில் புதுச் சாட்சி வரவில்லை, குற்றத்தின் பெயரும் மாறவில்லை. மறுசீராய்வே தண்டனையின் அளவைப் பற்றி மட்டும்தான் என்று நீதிமன்றம் வரம்பு கட்டிவிட்டது. இரண்டு பெஞ்சிலும் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் இருந்தார் (2018-ல் செலமேஸ்வருடன், 2022-ல் கான்வில்கருடன்). அப்படியிருந்தும் ஒரு தடவை ஆயிரம் ரூபாய், ஒரு தடவை ஒரு வருஷம்.

அந்த ஆயிரம் ரூபாய் பற்றி ஒரு சின்ன விஷயம். பேப்பரில் யாரும் இதைப் பெரிதாக எழுதவில்லை. 323-க்குச் சட்டம் வைத்திருந்த அதிகபட்ச அபராதமே ஆயிரம்தான். 1860-ல் சட்டம் எழுதியபோது ஆயிரம் ரூபாய் என்பது சாமானியன் வாழ்நாளில் பார்க்காத பணம். யாரும் அதைத் திருத்தவில்லை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில்தான் அது பத்தாயிரம் ஆனது. ஆக 2018 பெஞ்ச் அபராதத்தில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஜெயில் வேண்டாம் என்று முடிவு செய்த அந்த நிமிடம் அவர்கள் கையில் மிஞ்சியது அந்த ஆயிரம் மட்டும்தான்.

சரி, ஜெயில் வேண்டாம் என்று ஏன் நினைத்தார்கள்? சொன்ன காரணங்கள் மூன்று. சம்பவம் நடந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. இரு தரப்புக்கும் முன்பகை இல்லை. ஆயுதம் எதுவும் பயன்படுத்தவில்லை. 2022-ல் இதற்கு வந்த பதில்: ஆயுதம் இல்லைதான், ஆனால் குத்தியது 25 வயது சர்வதேச கிரிக்கெட் வீரர், வாங்கியது அவரைப்போல் இரண்டரை மடங்கு வயதானவர். உடல்வலு உள்ளவன் கையே ஆயுதமாகலாம். இதை முன்பு நாங்கள் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டோம். குற்றத்துக்குப் பொருந்தாத அளவு லேசான தண்டனை பாதிக்கப்பட்டவரை அவமானப்படுத்துகிறது. சாரம் இதுதான்.

இப்போது சட்டக் கல்லூரி முதல் வருடப் பாடத்துக்கு வருவோம் (தூக்கம் வந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்). ஒருவனை அரசு ஏன் தண்டிக்கிறது? பழைய பதில், செய்ததற்கு உரிய பலனை அவன் அனுபவிக்க வேண்டும் என்பது. இதை பழிவாங்கல் என்று மொழிபெயர்த்து நாம் கெடுத்துவிட்டோம். பழிவாங்குகிறவனுக்கு அளவு கிடையாது. இங்கே அளவுதான் முக்கியம், செய்ததற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. இரண்டாவது பதில், தண்டனையைப் பார்த்து அவனும் மற்றவர்களும் பயப்பட வேண்டும். மூன்றாவது, அவனைத் திருத்தி ஊரில் விட வேண்டும். முதல் பதில் நடந்துமுடிந்த செயலைப் பார்க்கிறது, மற்ற இரண்டும் இனி நடக்கப்போவதைப் பார்க்கின்றன.

நான் படித்த காலத்தில் மூன்றாவது கட்சி. நீதிபதி கிருஷ்ண ஐயரின் 1977 கியாசுதீன் வழக்குத் தீர்ப்பைக் கிட்டத்தட்ட மனப்பாடமாக வைத்திருந்தேன். வேலை வாங்கித் தருவதாக இளைஞர்களை ஏமாற்றிய 28 வயது ஆளின் மூன்று வருடத் தண்டனையை அவர் பதினெட்டு மாதமாகக் குறைத்தார். ஜெயிலில் அவனுக்கு எந்த மாதிரி வேலை தர வேண்டும் என்பதுவரை எழுதினார். முதல் பதிலைச் சொல்கிறவர்களைக் காட்டுமிராண்டிகள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டியாலா வழக்கைப் பாருங்கள். திருத்த என்ன இருக்கிறது? 2022-ல் அவருக்கு 58 வயது. அத்தனை வருடத்தில் அவர் ரோட்டில் வேறு யாரையும் அடித்ததாக வழக்கு இல்லை. திருந்துவதுதான் நோக்கம் என்றால் அது 2018-லேயே முடிந்த கதை. ஆயிரம் ரூபாய்கூட வேண்டாம், கைகுலுக்கி அனுப்பலாம்.

பயமுறுத்தல்? இதுதான் எல்லாத் தீர்ப்பிலும் வருகிற வார்த்தை, சமூகத்துக்குத் தவறான செய்தி போய்விடும் என்று. ஆனால் தண்டனையின் கடுமையைவிட, மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயமும் சீக்கிரமும்தான் மனிதனைத் தடுக்கும் என்று மிலானைச் சேர்ந்த பெக்காரியா 1764-லேயே எழுதிவிட்டார். பின்னால் வந்த குற்றவியல் ஆய்வுகளும், குறிப்பாக அந்த நிச்சயம் பற்றி, பெரும்பாலும் அதே பக்கம்தான் நிற்கின்றன. நொய்டா ரோட்டில் கண்ணாடியைத் தட்டிய ஆளை நினைத்துப்பாருங்கள். 34 வருடம் கழித்து ஒரு வருஷம் உள்ளே இருக்க நேரலாம் என்று அவன் கணக்குப் போட்டால், பயப்படுவானா, சிரிப்பானா? பால்கனியில் மூன்று பேருக்கு அந்தத் தண்டனை நடந்ததே தெரியவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, இரண்டு தூணும் போச்சு. பெரியவர் கேட்டாரே, யாருக்கு லாபம் என்று, அந்தக் கேள்விக்கு இந்த இரண்டு கோட்பாட்டிலும் பதில் இல்லை. இருந்தும் ஆயிரம் ரூபாய்த் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று யோசித்தேன். அந்தக் குடும்பத்தின் இடத்தில் நின்று பார்த்தால், "உங்கள் அப்பாவை அடித்தது குற்றம்தான், அதன் மதிப்பு இவ்வளவு" என்று நாட்டின் மிகப்பெரிய கோர்ட் ஒரு எண்ணைச் சொல்கிறது. அந்த எண் ஆயிரம். அடுத்த வாரம் எங்கள் வீட்டு மளிகை பில் அதைவிட அதிகம். தண்டனைக்கு லாபம் எதுவும் இல்லாவிட்டாலும், நடந்ததை அதன் அளவில் பெயரிட்டுச் சொல்லும் வேலை ஒன்று இருக்கிறது. அந்த வேலையை முதல் கோட்பாடு மட்டும்தான் செய்கிறது. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொன்ன நான்தான் அவசரப்பட்டிருக்கிறேன்.

இதில் சிக்கலே காலதாமதம்தான். "முப்பது வருடம் ஆகிவிட்டது" என்று நம் தீர்ப்புகளில் ஒரே வரியில் தள்ளுபடி கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த முப்பது வருடம் மூன்று கோட்பாட்டுக்கும் மூன்று மாதிரி. திருத்தலைப் பொறுத்தவரை அது குற்றவாளிக்கு நல்ல சாட்சி. பயமுறுத்தலைப் பொறுத்தவரை அது யார் பக்கமும் இல்லாத சேதம், பிறகு ஒரு வருடம் கொடுத்தாலும் பத்து வருடம் கொடுத்தாலும் அது திரும்ப வராது. உரிய பலன் என்ற கணக்கில் மட்டும் அது எதையும் மாற்றுவதில்லை. 1988-ல் விழுந்த குத்து 2018-ல் லேசாகிவிடாது. வழக்கு தலைக்கு மேல் தொங்கியதே ஒரு தண்டனைதான் என்று ஒரு வாதம் உண்டு. வேலை போய், ஜாமீனுக்கு அலைந்து, பெண்ணுக்கு வரன் தள்ளிப்போன எத்தனையோ பேருக்கு அது உண்மை, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே அந்த இடைவெளியில் டெஸ்ட் மேட்ச், டிவி வர்ணனை, அம்ரித்சர் எம்.பி. பதவி எல்லாம் நடந்தது. 2006 தண்டனைக்குப் பிறகு அவர் பதவியை ராஜினாமா செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2007 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் குற்றத்தீர்ப்பை நிறுத்திவைத்தது, அடுத்த மாதமே இடைத்தேர்தலில் ஜெயித்தார். தாமதத்துக்கான தள்ளுபடி, தாமதத்தால் கஷ்டப்பட்டவனுக்கு இருக்கட்டும்.

அப்படியானால் 2022 தீர்ப்பு முழுக்க சரியா? அங்கேதான் எனக்கு நெருடல். ஒரு வருடம் என்பது 323-ன் உச்சவரம்பு. உச்சவரம்பு அந்த வகைக் குற்றத்திலேயே மிக மோசமானதுக்கு என்று வைத்திருப்பது. மரணத்துக்கு இவர் காரணம் என்று நிரூபணமாகவில்லை, வெறும் காயம்தான் என்று சொல்லிவிட்டு, காயத்துக்கு இருக்கிற முழுத் தண்டனையையும் கொடுத்தால், நிரூபிக்காத மரணம் பின்கதவு வழியாகத் தராசில் ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது. வயது வித்தியாசமும் உடல்வலுவும் தண்டனையைக் கூட்ட நியாயமான காரணங்களே. அவை ஆயிரத்திலிருந்து ஜெயில்வரை கொண்டுபோகும். ஆனால் கடைசிப் படிவரை கொண்டுபோகுமா? என்னைக் கேட்டால் மூன்று நாலு மாதச் சிறை, அதோடு குடும்பத்துக்குக் கணிசமான இழப்பீடு.

இழப்பீடு என்றதும் ஒரு நுணுக்கம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 357(3)-ன் கீழ் (இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 395) எவ்வளவு வேண்டுமானாலும் இழப்பீடு தரச் சொல்லலாம், உச்சவரம்பே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: தண்டனையில் அபராதம் சேர்ந்திருக்கக் கூடாது. அபராதம் போட்டுவிட்டால் அந்த அபராதத் தொகைக்குள்ளிருந்துதான் எடுத்துக் கொடுக்க முடியும். ஆக 2018-ல் ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டதே அந்தப் பெரிய கதவைச் சாத்திவிட்டது. செக் மோசடி வழக்குகளில் மாஜிஸ்திரேட்டுகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "கோர்ட் கலையும்வரை சிறை" என்று பெயருக்கு ஒன்று கொடுத்துவிட்டு, லட்சக்கணக்கில் இழப்பீடு உத்தரவு போடுவார்கள். இழப்பீடு பற்றி ஒவ்வொரு வழக்கிலும் யோசித்துக் காரணம் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2013-ல் சொல்லியிருக்கிறது. யோசிக்கத்தான் நேரம் இல்லை.

நேரம் என்று சும்மா சொல்லவில்லை. குற்றவாளி என்று முடிவான பிறகு தண்டனை பற்றித் தனியாக விசாரிக்க வேண்டும் என்பது 1973-லிருந்து சட்டம். அது சடங்கு அல்ல என்று 1976-லேயே உச்ச நீதிமன்றம் எழுதிவிட்டது. நான் நின்ற ஒரு கீழ் கோர்ட்டில் அது எப்படி நடக்கும் தெரியுமா? "தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்று நீதிபதி கேட்பார். வயதான பெற்றோர், சின்னக் குழந்தைகள், ஒரே சம்பாத்தியம், முதல் குற்றம் என்று நாங்கள் ஒரே மூச்சில் ஒப்பிப்போம். அரசு வக்கீல் எழுந்து "கடுமையான தண்டனை வேண்டும்" என்று ஒரே வரி. டைப்பிஸ்ட் மூன்று கோட்பாட்டையும் ஒரே பத்தியில் அடிப்பார், எண் ஒன்று விழும். அந்தப் பத்தியின் கீழே ஆறு மாதம் என்று போட்டாலும் பொருந்தும், மூன்று வருடம் என்று போட்டாலும் பொருந்தும். ஒரு தீர்ப்பு தண்டனையை உண்மையில் எடை போட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் வழி இதுதான்: அந்தப் பத்தியை அப்படியே வைத்து எண்ணை மட்டும் மாற்றிப் படித்துப்பாருங்கள், இடிக்கிறதா?

இங்கிலாந்தில் 2010-லிருந்து தண்டனைக் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது. தாக்குதல் குற்றத்துக்கு, குற்றவாளியின் பொறுப்பு எவ்வளவு, விளைந்த தீங்கு எவ்வளவு என்று முதலில் பெட்டியில் போட வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஆரம்ப அளவு ஒன்று இருக்கும். பிறகு அதிலிருந்து ஏறவோ இறங்கவோ காரணம் சொல்ல வேண்டும். எளிதில் பாதிக்கப்படக்கூடியவரை அடித்தது ஏற்றம், பழைய குற்றம் இல்லாதது இறக்கம், இப்படி. நம் ஊரில் வழிகாட்டி நெறிகள் வேண்டும் என்று மளிமத் கமிட்டி 2003-ல் சொன்னது. அப்படி எதுவும் இல்லை என்று உச்ச நீதிமன்றமே குறைப்பட்டுக்கொண்டது. 2023-ல் சட்டம் முழுக்கப் புதிதாக எழுதியபோதும் அது வரவில்லை. சமூக சேவை என்ற புதுத் தண்டனை வந்தது, சந்தோஷம். ஆனால் ஆறு சின்னக் குற்றங்களுக்கு மட்டும். ரோட்டில் ஒருவரை அடிப்பது அந்த ஆறில் இல்லை.

இன்னொன்று, இது நம்மைப் போன்றவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. தண்டனை குறைவு என்று பாதிக்கப்பட்ட குடும்பம் நேராக அப்பீல் போக முடியாது. 2009-ல் அவர்களுக்கு அப்பீல் உரிமை வந்தபோது விடுதலை, குறைந்த குற்றப்பிரிவு, போதாத இழப்பீடு, இந்த மூன்றுக்கு மட்டும்தான் வந்தது. குறைந்த தண்டனை அதில் இல்லை. அதற்கு அரசுதான் போக வேண்டும். 2006-ல் மும்பை கார்ட்டர் ரோட்டில் பிளாட்ஃபாரத்தில் தூங்கியவர்கள்மேல் கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கு நினைவிருக்கும். விசாரணைக் கோர்ட் ஆறு மாதம், உயர் நீதிமன்றம் மூன்று வருடம். 2012-ல் உச்ச நீதிமன்றம், இந்த மூன்று வருடம் மிகக் குறைவு, ஆனால் அரசு அப்பீல் செய்யாததால் நாங்கள் கூட்டவில்லை என்று எழுதிவிட்டு மூடியது. பாட்டியாலா குடும்பம் மறுசீராய்வு என்ற மிகக் குறுகலான சந்து வழியாக, அதுவும் உச்ச நீதிமன்றத்திலேயே ஜெயித்தது அபூர்வம்.

சித்து அடுத்த நாளே சரணடைந்தார். பாட்டியாலா சிறையில் எழுத்தர் வேலை கொடுத்தார்கள். நன்னடத்தைக் கழிவு போக, சுமார் பத்து மாதத்தில், 2023 ஏப்ரல் 1 அன்று வெளியே வந்தார்.

இதையெல்லாம் நேற்று லிஃப்டில் பார்த்தபோது பெரியவரிடம் சொன்னேன். நாலு மாதம் என்ற என் கணக்கை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணு, உடனே கொடுக்கணும். இல்லேன்னா அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வேணும்னு கேட்கணும்" என்றார். "அவங்களை யாராவது கேட்டாங்களா?" என்றார். தீர்ப்பில் அப்படி நான் எதையும் படிக்கவில்லை என்று சொன்னேன். அதற்குள் அவர் மாடி வந்துவிட்டது.